பிடித்தவர், பற்றியவர், தொற்றியவர்

நெரிசல் நேரத்து நகரப் பேருந்தில் ஒருவர் கம்பியைப் பிடித்திருக்கிறார். இன்னொருவர் கம்பியைப் பற்றியிருக்கிறார். மூன்றாமவர் படிக்கட்டில் தொற்றிக்கொண்டு வருகிறார். மூவரின் விரல்களும் செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் யாருக்காக நாம் பயப்படுகிறோம் என்று கேட்டால், தயங்காமல் மூன்றாமவரைக் காட்டுவோம். அந்த அச்சத்தை வினைச்சொல் எப்படிச் சொல்கிறது?

பிடியின் பலத்தை வைத்துச் சொல்கிறது என்று தோன்றலாம். அப்படியில்லை. லேசாகவும் பிடிக்கலாம், கெட்டியாகவும் பிடிக்கலாம். மென்மையாகப் பற்றலாம், இறுகவும் பற்றலாம். 'கவ்வு' என்றாலே வன்மை என்பதும் சரியல்ல. பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போகும்போது ஒரு கீறல்கூட விழுவதில்லை. கவ்வுதல் வாயால் நடக்கிறது என்பதுதான் அந்தச் சொல் தரும் முதல் செய்தி. பலத்தைத் தமிழ் பெரும்பாலும் 'இறுக', 'கெட்டியாக' போன்ற தனிச் சொற்களிடம் ஒப்படைத்துவிடுகிறது. வினை சொல்வது வேறொன்று: யார் யாரை நம்பியிருக்கிறார் என்பது.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. கையை விட்டால் விழுவது எது என்று கேட்டுப் பாருங்கள். பந்தைப் பிடித்தவர் விட்டால் பந்து விழும். மாட்டைப் பிடித்தவர் விட்டால் மாடு ஓடும். 'பிடி' என்ற வினையின் இயல்பான இடம் இது. பொருள் பிடித்தவரின் ஆளுகையில் இருக்கிறது. கத்திக்கும் குடைக்கும் உள்ள கைப்பிடி இதே சொல்லிலிருந்து வந்தது, கைக்கு அடங்குவதற்காகவே செய்யப்பட்ட பகுதி அது.

'பற்று' என்று வந்தால் தராசு பெரும்பாலும் மறுபக்கம் சாய்கிறது. பாகற்கொடி பந்தலைப் பற்றிப் படர்கிறது. பந்தல் சரிந்தால் கொடியும் சரியும், கொடி போனால் பந்தலுக்கு ஒன்றும் ஆகாது. தாவரவியலில் கொடியின் சுருண்ட இழைக்குப் பற்றுக்கம்பி என்று பெயரிட்டவர் மிகப் பொருத்தமாகவே பெயரிட்டிருக்கிறார். 'கைப்பற்று' என்ற கூட்டுச்சொல் மட்டும் இதற்கு எதிர்த்திசையில் போகிறது. கோட்டையைக் கைப்பற்றியவன் கோட்டையை நம்பி நிற்பவன் அல்ல.

தொற்றும்போது இலக்கணமே மாறுகிறது, எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கம்பியைப் பிடித்தான், கம்பியைப் பற்றினான் என்று 'ஐ' உருபு போடுகிறோம். செயல் கையிலிருந்து கம்பிக்குப் போகிறது. ஆனால் 'பஸ்ஸைத் தொற்றினான்' என்று யாரும் எழுதுவதில்லை, பஸ்ஸில் தொற்றினான். கிளையில் தொங்கினான், சுவரில் ஒட்டிக்கொண்டான் என்பவையும் இப்படித்தான். பொருள் இப்போது செயலுக்கு உள்ளாகும் ஒன்றாக இல்லை, உடல் இருக்கும் இடமாகிவிட்டது. முடிவைச் சொல்லும் வினையும் மாறுகிறது. பிடித்ததை விடுகிறோம். தொற்றியவரோ இறங்க வேண்டும், இல்லையென்றால் விழ வேண்டும். அச்சம் இங்கிருந்துதான் வருகிறது.

இடையில் 'கொள்' என்ற துணைவினை ஒரு நுட்பமான வேலையைச் செய்கிறது. திருடன் ஓடினால் 'பிடி, பிடி' என்று கத்துகிறோம். பேருந்து வளைவில் திரும்பும்போது நடத்துநர் 'கம்பியைப் பிடித்துக்கொள்' என்கிறார். செயலின் பலன் செய்தவருக்கே திரும்புவதைக் 'கொள்' காட்டுகிறது. வினை அதே 'பிடி'தான், உருபும் அதே 'ஐ'தான். ஆனால் இப்போது காப்பாற்றப்படுவது பிடித்தவர். கூட்டத்தில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொள்ளும் குழந்தையிடமும் இதையே பார்க்கிறோம்.

'இறுக' என்ற சொல்லுக்கு உடலிலேயே விளக்கம் இருக்கிறது. ஸ்வீடனின் உமேயோ பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் யொஹான்சன், யோரான் வெஸ்ட்லிங் ஆகிய இருவரும் ஒரு சிறு பொருளை விரல்நுனிகளால் தூக்கச் சொல்லி விசையை அளந்து 1984இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பொருளின் பரப்பில் பட்டுத்துணி ஒட்டியிருந்தால் விரல்கள் அதிகம் அழுத்தின, உப்புத்தாள் ஒட்டியிருந்தால் குறைவாக அழுத்தின. இரண்டிலும் வழுக்காமல் இருக்கத் தேவையானதைவிடச் சற்றே கூடுதலான விசைதான் இருந்தது. வழுக்கத் தொடங்கினால் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் கை தானே இறுக்குகிறது, நாம் நினைத்துச் செய்வதற்கு முன்பே. ஆக, சாதாரணமாகக் கை சிக்கனமானது. எழுத்தாளர் 'இறுகப் பற்றினாள்' என்று எழுதும்போது அந்தச் சிக்கனம் கைவிடப்பட்டதைச் சொல்கிறார். அதற்குக் காரணம் பயமா, கோபமா, அன்பா என்று 'இறுக' சொல்லாது. சுற்றியுள்ள வாக்கியங்கள்தான் சொல்ல வேண்டும்.

நான் சொன்ன உருபுச் சோதனை உணர்ச்சிகளிடம் செல்லாது. 'பதற்றம் அவளையும் தொற்றிக்கொண்டது' என்கிறோம், 'அவளில்' என்பதில்லை. இங்கே தொற்றுவது ஆள் அல்ல, பதற்றம். அது வந்து சேர்ந்ததால் அவள் மாறுகிறாள், அதனால் 'ஐ' திரும்பி வருகிறது. தொற்றுநோய் என்ற சொல்லிலும் இந்தப் பொருள்தான். 'பயம் அவனைப் பிடித்துக்கொண்டது' என்ற வாக்கியத்தில் 'பிடி' தன் பழைய ஆளுகையோடு அப்படியே நிற்கிறது, பிடிபட்டவன் மட்டும் மனிதன்.