கணிதப் பரீட்சைக்கு முந்திய மாலை, மூளைக்குள் என்ன நடக்கிறது?

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில், சாதாரண தரக் கணித வினாத்தாளுக்கு முந்திய நாள் பின்னேரம் பிள்ளைகள் ஆசிரியரைச் சூழ்ந்து நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பரீட்சைத் திணைக்களம் மேலதிக வகுப்புகளையும் கருத்தரங்குகளையும் சில நாட்களுக்கு முன்பே தடை செய்துவிடும். அதனால் இனிப் பாடம் நடத்த வழியில்லை, பேச மட்டும்தான் முடியும். "சேர், படிச்சதெல்லாம் மறந்த மாதிரி இருக்கு" என்கிறாள் ஒரு மாணவி.

மறந்திருக்காது. மறந்தது போலத் தோன்றுவதற்கான காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு கணக்கைப் பார்ப்போம்: ஒரு வீட்டின் ஆண்டுப் பெறுமானம் 24,000 ரூபா, மதிப்பீட்டு வரி 8%. காலாண்டு வரி எவ்வளவு? ஆண்டு வரி 1,920 ரூபா. அதை நான்கால் பிரித்தால் 480. இதைச் செய்யும்போது 1,920 என்ற எண்ணையும், கேட்டது காலாண்டுக்கு என்பதையும், அடுத்து வகுக்க வேண்டும் என்பதையும் ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைத்திருக்க வேண்டும். இந்த வேலையைச் செய்வது செயல்நினைவகம். அதில் ஒரே நேரத்தில் நான்கு விடயங்கள் அளவில்தான் இடமிருக்கிறது என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு. "பெயிலானா அம்மாகிட்ட என்ன சொல்றது?" என்ற எண்ணமும் அதே இடத்தில்தான் வந்து உட்காரும். அது உட்கார்ந்ததும் ஏதாவது ஒன்று வெளியே போகும். பெரும்பாலும் போவது அந்தக் 'காலாண்டு'. பிள்ளை 1,920 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும்.

பதற்றத்தால் வந்த பிழையை அடையாளம் காண்பது இதனால் சுலபம். பாடம் தெரியாத பிள்ளை முதல் படியிலேயே நிற்கும். பதறிய பிள்ளை கடைசிப் படியைத்தான் தவறவிடும். இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல.

சரி, ஆசிரியர் என்ன சொல்வது? "பயப்படாதீங்க" என்று சொன்னால் பயம் போவதில்லை. 2010இல் ஜெரமி ஜேமிசனும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். பட்டப்பின்படிப்புக்கான பரீட்சைக்குத் தயாராகும் மாணவர்களில் ஒரு பகுதியினரிடம், படபடப்பு உங்கள் பரீட்சையைக் கெடுக்காது, உதவவும் கூடும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். அவர்கள் கணிதப் பகுதியில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். ஆகவே ஆசிரியர் இப்படிச் சொல்லலாம்: "நாளைக்கு நெஞ்சு அடிச்சுக்கும் புள்ளைகளா. உடம்பு வேலைக்குத் தயாராகுது, அவ்வளவுதான்."

பரீட்சைக்குச் சற்று முன் மனக்கவலைகளைப் பத்து நிமிடம் எழுதிவிட்டால் மதிப்பெண் கூடும் என்ற 2011ஆம் ஆண்டு ஆய்வும் பிரபலமானது. ஆனால் வேறொரு குழு அதைத் திரும்பச் செய்து 2018இல் வெளியிட்டபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதனால் அதை நான் கடைசி அறிவுரைகளில் சேர்க்கமாட்டேன். சேர்ப்பது மூன்றே மூன்று.

ஒன்று, இன்றிரவு கொப்பியைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டாம். வாசிக்க வாசிக்க எல்லாம் பழகியதாகத் தெரியும், அந்தப் பழக்கத்தைத்தான் நாம் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். கொப்பியை மூடிவிட்டு, வெற்றுத்தாளில் சூத்திரங்களை நினைவிலிருந்து எழுதுங்கள். அரைமணி நேரம் போதும். விடுபட்டதை மட்டும் பார்த்து ஒருமுறை எழுதுங்கள். எழுதி முடித்த தாளே மாணவிக்குப் பதில் சொல்லும்: மறக்கவில்லை என்று.

அப்புறம், தூங்குங்கள். பகலில் படித்தது ஆழ்ந்த தூக்கத்தில்தான் மூளையில் உறுதிப்படுகிறது. அம்மா கொழுந்தெடுக்கப் புறப்படும் நேரத்தில் தானும் எழுந்து கடைசி அத்தியாயத்தைப் பார்க்கலாம் என்று நினைக்கும் பிள்ளைகள் உண்டு. முந்திய இரவு பன்னிரண்டு மணிவரை விழித்திருந்தால் அந்த விடியற்காலைப் படிப்பில் லாபமில்லை. தூக்கம் குறைந்தால் மறுநாள் முதலில் அடிவாங்குவது கவனமும் செயல்நினைவகமும்தான். லயத்தில் எல்லோரும் ஒரே அறையில் படுக்கும் வீட்டில், தொலைக்காட்சியை அன்றொரு நாள் சீக்கிரம் அணைக்கச் சொல்லிப் பெற்றோரிடம் ஆசிரியரே ஒரு வார்த்தை சொன்னால் நல்லது.

மூன்றாவது மண்டபத்துக்குள். இரண்டாம் வினாத்தாளுக்கு வாசிப்பதற்கென்றே 10 நிமிடம் மேலதிகமாகக் கிடைக்கிறது. பகுதிக்கு ஆறு வினாக்கள், ஐந்துக்கு எழுதினால் போதும். இந்த நேரத்தில் நன்றாகத் தெரிந்த வினாவைத் தெரிந்தெடுத்து அதிலிருந்து தொடங்குங்கள், கை ஓடத் தொடங்கியதும் படபடப்பு இறங்கும். எழுத ஆரம்பித்ததும் 'காலாண்டு' போன்ற சொல்லின் கீழே கோடிடுங்கள். இடைவிடைகளையும் தாளிலேயே எழுதுங்கள். 1,920ஐத் தாள் பிடித்துக்கொண்டால் மூளைக்கு ஓர் இடம் மிச்சம். படிகளுக்கும் புள்ளி உண்டு என்பதால் கடைசி விடை பிழைத்தாலும் முழுவதும் போகாது. ஏதாவது ஒரு வினாவில் ஒன்றுமே தோன்றாமல் நின்றுவிட்டால், அதற்குரிய இடத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். முட்டி மோதுவதை நிறுத்திய பிறகு விடை தானாக வருவது சாதாரணம். வந்ததும் திரும்பிப்போய் எழுதிக்கொள்ளலாம்.