சிகரெட் ஏன் திடீரென்று சப்பென்று ஆகிறது?

புகையை நிறுத்த உதவும் வாரெனிக்ளின் மாத்திரையை எடுக்கத் தொடங்கிப் பத்து நாளான ஒருவர், மனது கேட்காமல் ஒரு சிகரெட்டைப் பற்றவைக்கிறார். நாலு இழுப்பிலேயே அணைத்துவிடுகிறார். "சப்பென்று இருக்கிறது" என்கிறார். சிகரெட் அதேதான். மாறியிருப்பது அவருடைய மூளையில் இருக்கும் ஒரு புரதம்.

அந்தப் புரதத்துக்கு நிக்கோட்டினிக் ஏற்பி என்று பெயர். போதைப் பழக்கத்தில் முக்கியமானது ஆல்ஃபா-4 பீட்டா-2 என்ற வகை. புகையை இழுத்த சில நொடிகளில் நிக்கோட்டின் மூளைக்குப் போய் இந்த ஏற்பியில் உட்காருகிறது. உடனே டோபமைன் என்ற, சுக உணர்வைத் தூண்டும் மூளை வேதிப்பொருள் குபுக்கென்று சுரக்கிறது. சுகம் அதுதான். ஆனால் சுமார் இரண்டு மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள நிக்கோட்டின் பாதியாகிவிடும். இரவெல்லாம் புகைக்காததால் காலையில் ஏற்பிகள் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். பல வருடம் புகைத்தவருக்கு அவற்றின் எண்ணிக்கையும் கூடியிருக்கும். அதனால்தான் காலையின் முதல் சிகரெட்டுக்கு அவ்வளவு தவிப்பு.

வாரெனிக்ளின் அதே இடத்தில் நிக்கோட்டினைவிட இறுக்கமாக உட்காருகிறது. ஆனால் ஏற்பியை அரைகுறையாகத்தான் இயக்குகிறது. கொஞ்சம் டோபமைன் கசிந்துகொண்டே இருப்பதால் தவிப்பு அடங்குகிறது. சிகரெட் பிடித்தாலோ, வரும் நிக்கோட்டினுக்கு உட்கார இடமில்லை. முன்பே துண்டு போட்டாகிவிட்டது. சுகம் எழும்புவதில்லை. இந்த மருந்து உடலில் பாதியாக ஒரு நாள் ஆகும் என்பதால் இரவும் காவல் தொடர்கிறது.

மாத்திரையை மெதுவாகத்தான் ஏற்றுவார்கள்: முதல் மூன்று நாள் தினம் 0.5 மி.கி., அடுத்த நான்கு நாள் இருவேளை 0.5, எட்டாம் நாள் முதல் இருவேளை 1 மி.கி. பெரும்பாலும் அந்த எட்டாம் நாளில்தான் சிகரெட்டை நிறுத்துவது. குமட்டலே அதிகம் வரும் தொல்லை. சாப்பிட்டபின் முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கினால் குறையும். விசித்திரமான கனவுகளும் வரலாம். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும்.

புகையை நிறுத்த உதவும் இன்னொரு மாத்திரையான புப்ரோபியான் வேறு வழியில் போகிறது. மனச்சோர்வு மருந்தாக வந்தது, 1997-ல் அமெரிக்காவில் புகையை நிறுத்தவும் அனுமதி பெற்றது. சுரந்த டோபமைனையும், நார்அட்ரினலின் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருளையும் நரம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்வதை இது தடுக்கிறது. நிக்கோட்டின் ஏற்பியையும் அடைக்கிறது, ஆனால் நிக்கோட்டினின் இருக்கையைப் பிடித்து அல்ல. வலிப்பு வந்தவர்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது.

இரண்டையும் 8,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ஒப்பிட்ட ஆய்வு 2016-ல் வெளியானது. 9 முதல் 24-ஆம் வாரம் வரை தொடர்ந்து புகைக்காதவர்கள் வாரெனிக்ளினில் சுமார் 22%, புப்ரோபியானில் 16%, வெற்று மாத்திரையில் 9%. இந்த மருந்துகளால் மனநலக் கோளாறுகள் கூடுமோ என்று முன்பு பயந்த அளவுக்கு அவை கூடவும் இல்லை.

சரி, பெரும்பாலோருக்கு மாத்திரை மட்டும் ஏன் போதவில்லை? ஏற்பியை மருந்து பிடித்துக்கொள்ளும். சாப்பிட்டு முடித்ததும் தானாகச் சட்டைப் பைக்குப் போகும் கையை அது பிடிக்காது. நம் பத்தாம் நாள் நண்பர் அந்த ஒரு சிகரெட்டுக்காக மாத்திரையை விட்டுவிடக் கூடாது. மறுநாளும் எடுத்து, மாத்திரைக்கான பன்னிரண்டு வாரத்தை முடிக்க வேண்டும். சப்பென்ற ஒவ்வொரு இழுப்பிலும், சிகரெட்டுக்கும் சுகத்துக்கும் இருந்த பழைய முடிச்சு கொஞ்சம் தளர்கிறது.