இருவருக்கும் லாபம்தான், ஆனாலும் பேரம் ஏன் முறிகிறது?

பழைய ஸ்கூட்டரை விற்கப் போன ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வாங்க வந்தவர் ஐம்பத்தாறு ஆயிரத்து சொச்சம் வரை வந்தார். நான் ஐம்பத்தெட்டில் நின்றேன். பேச்சு முறிந்துவிட்டது. உண்மையில் ஐம்பத்திரண்டு கொடுத்திருந்தாலே நான் விற்றிருப்பேன். அவரும் அறுபது வரை தரத் தயாராக இருந்தாராம், பிறகு பொதுவான நண்பர் மூலம் தெரிந்தது. இரண்டு பேருக்கும் ஒத்துவரக்கூடிய வியாபாரம் எப்படிக் கெட்டது?"

அருமையான கேள்வி. பேச்சுத் திறமை போதவில்லை என்று பலரும் பதில் சொல்வார்கள். விஷயம் அதைவிட ஆழமானது. 1983-இல் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டிவிட்டார்கள்.

முதலில் அடிப்படை. விற்பவர் மனதில் ஒரு கீழ் எல்லை இருக்கும், அதற்குக் குறைந்தால் விற்கமாட்டார். வாங்குபவர் மனதில் ஒரு மேல் எல்லை இருக்கும், அதைத் தாண்டினால் வாங்கமாட்டார். இவற்றை எல்லை விலை என்று வைத்துக்கொள்வோம். விற்பவரின் எல்லை வாங்குபவரின் எல்லைக்குக் கீழே இருந்தால் நடுவில் இருக்கும் இடம்தான் உடன்பாட்டு வெளி. நம் வாசகர் கதையில் அது 52,000 முதல் 60,000 வரை, அதாவது 8,000 ரூபாய் அகலம். அதற்குள் எந்த விலையில் முடிந்தாலும் இருவருக்கும் லாபம். எல்லைகள் இடம் மாறி, விற்பவர் 60,000, வாங்குபவர் 52,000 என்று இருந்தால் உடன்பாட்டு வெளி என்ற ஒன்றே கிடையாது. எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அங்கே வியாபாரம் நடக்காது, நடக்கவும் கூடாது.

எல்லை விலை ஆசையிலிருந்து வருவதில்லை, மாற்று வழியிலிருந்து வருகிறது. புது வண்டி எடுத்தால் ஷோரூமில் பழைய ஸ்கூட்டரை 50,000-க்கு எடுத்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரியாத ஒருவருக்கு விற்றால் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்ற அலைய வேண்டும். அந்த அலைச்சலை 2,000 என்று மதித்தால் விற்பவரின் எல்லை 52,000. வாங்குபவருக்கு வேறொரு தெருவில் இதே மாதிரி வண்டி 56,000-க்குக் கிடைக்கிறது, ஆனால் டயரும் பேட்டரியும் மாற்ற 4,000 ஆகும். ஆக அவருடைய எல்லை 60,000. மாற்று வழி மாறினால் எல்லையும் நகரும். ஷோரூம்காரர் நாளைக்கு 59,000 தருகிறேன் என்றால், பெயர் மாற்ற அலைச்சலையும் சேர்த்து விற்பவரின் எல்லை 61,000 ஆகிவிடும், உடன்பாட்டு வெளி மறைந்துவிடும்.

மாற்று வழியைத் தப்பாக மதித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணம் யாஹூ. 2008 பிப்ரவரியில் மைக்ரோசாப்ட் ஒரு பங்குக்கு 31 டாலர் தந்து அந்த நிறுவனத்தை வாங்க முன்வந்தது, மொத்தம் சுமார் 4,460 கோடி டாலர். அப்போது சந்தையில் யாஹூ பங்கின் விலை சுமார் 19 டாலர். மைக்ரோசாப்ட் 33 வரை ஏறியது. யாஹூ தரப்பு 37-க்குக் குறையவில்லை. மே மாதம் மைக்ரோசாப்ட் விலகிக்கொண்டது. யாஹூவின் மாற்று வழி தனியாகவே தொடர்வது. அதன் மதிப்பை இயக்குநர் குழு மிக உயர்வாக எடுத்துக்கொண்டது என்பது என் கருத்து. அந்த ஆண்டு முடிவதற்குள் பங்கு விலை மைக்ரோசாப்ட் தருவதாகச் சொன்னதில் பாதிக்கும் கீழே போனது. 2017-இல் அதன் இணையத் தொழிலை வெரைசன் சுமார் 448 கோடி டாலருக்கு வாங்கியது (யாஹூ கையிலிருந்த அலிபாபா பங்குகள் அதில் சேராது).

சரி, இனி நம் வாசகரின் கேள்வி. அவர் விஷயத்தில் உடன்பாட்டு வெளி இருந்தது, எல்லைகளும் சரியாகவே மதிக்கப்பட்டிருந்தன. பிறகு ஏன் முறிந்தது?

கல்யாண் சாட்டர்ஜி, வில்லியம் சாமுவேல்சன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1983-இல் இதற்கு ஒரு எளிய விளையாட்டை அமைத்து ஆராய்ந்தார்கள். விற்பவர் ஒரு சீட்டிலும் வாங்குபவர் ஒரு சீட்டிலும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு விலை எழுத வேண்டும். வாங்குபவரின் சீட்டில் இருப்பது விற்பவரின் சீட்டைவிட அதிகமாகவோ சமமாகவோ இருந்தால் இரண்டுக்கும் நடு விலையில் வியாபாரம் முடியும். இல்லாவிட்டால் இல்லை. இருவரும் உண்மை எல்லையை எழுதினால் 52,000, 60,000, நடுவிலை 56,000. ஆளுக்கு 4,000 லாபம், வேலை முடிந்தது.

ஆனால் உண்மையை எழுதுவது இருவருக்குமே நஷ்டம். இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் நின்று பார்ப்போம். விற்பவர் 52,000-க்குப் பதில் 53,000 எழுதுகிறார். என்ன மாறுகிறது? வாங்குபவர் 53,000-க்கு மேல் எழுதியிருந்தால், நடுவிலை 500 ரூபாய் ஏறுகிறது, அது விற்பவருக்கு லாபம். வாங்குபவர் 52,000-க்கும் 53,000-க்கும் இடையில் எழுதியிருந்தால் வியாபாரம் கைநழுவுகிறது. ஆனால் கைநழுவும் அந்த வியாபாரம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். உண்மையை எழுதியிருந்தால்கூட அதில் அவருக்குக் கிடைப்பது அதிகபட்சம் 500 ரூபாய்தான். எல்லையின் ஓரத்தில் நடக்கும் வியாபாரம் என்பதால் லாபம் ஏறக்குறைய இல்லை. இழப்பது சில்லறை, அதுவும் அபூர்வமாக. கிடைப்பது வியாபாரம் முடியும் மற்ற எல்லாச் சூழ்நிலையிலும். ஆகவே விலையைக் கொஞ்சம் ஏற்றி எழுதுவதே புத்திசாலித்தனம்.

இப்படியே ஏற்றிக்கொண்டே போக முடியாது. விலை ஏற ஏற, கைநழுவும் வியாபாரங்கள் கனமாகிவிடுகின்றன. 58,000 எழுதும்போது ஓரத்தில் தவறும் வியாபாரத்தின் லாபம் 6,000 ரூபாய். அங்கே இழப்பும் வரவும் சமமாகின்றன, கை தானாக நிற்கிறது. இதே காரணத்தால் வாங்குபவர் தன் பக்கத்திலிருந்து விலையைக் குறைத்து எழுதுகிறார். எதிராளியின் எல்லை 40,000-க்கும் 80,000-க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் சம வாய்ப்போடு இருக்கலாம் என்று இருவரும் நினைப்பதாக எடுத்துக்கொண்டு, சாட்டர்ஜியும் சாமுவேல்சனும் கண்ட தீர்வில் நம் ஆட்களைப் பொருத்தினேன். விற்பவர் 58,000 எழுதுகிறார், வாங்குபவர் 56,667 எழுதுகிறார். சீட்டுகள் சந்திக்கவில்லை. வியாபாரம் இல்லை. யாரும் தப்பு செய்யவில்லை என்பதுதான் இதில் முக்கியம். எதிராளி இப்படி நடப்பார் என்று தெரிந்த நிலையில் இருவரும் தங்களுக்கு மிகச் சிறந்ததையே எழுதினார்கள்.

பொது விதி இப்படி வருகிறது: இருவர் எல்லைகளுக்கும் உள்ள இடைவெளி, எதிராளியின் எல்லை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று நினைக்கும் மொத்த அகலத்தில், அதாவது சந்தேக அகலத்தில், குறைந்தது கால்பங்கு இருந்தால்தான் வியாபாரம் முடியும். இங்கே சந்தேக அகலம் 40,000. கால்பங்கு 10,000. நம் உடன்பாட்டு வெளி 8,000 மட்டுமே. நூறு ஜோடிகளை எடுத்தால் சராசரியாக ஐம்பதில் உடன்பாட்டு வெளி இருக்கும், அதில் சுமார் 28 மட்டுமே முடியும். ஒரு ஆறுதல், முறிவன எல்லாம் குறுகிய வெளி கொண்டவை. அதனால் கிடைத்திருக்கக்கூடிய மொத்த லாபத்தில் 84 சதவீதம் காப்பாற்றப்படுகிறது.

சீட்டு எழுதும் முறைதான் கோளாறு, எதிரெதிரே உட்கார்ந்து ஏற்றி இறக்கிப் பேசினால் சரியாகிவிடாதா? அதே 1983-இல் ரோஜர் மையர்சனும் மார்க் சாட்டர்த்வெய்ட்டும் அதற்கு விடை சொன்னார்கள். இருவரின் எல்லைகளும் எதிராளிக்குத் தெரியாமல், உடன்பாட்டு வெளி இருக்கலாம் இல்லாமலும் போகலாம் என்ற நிலையில், யாரையும் கட்டாயப்படுத்தாமல், வெளியிலிருந்து பணம் போடாமல், லாபமுள்ள எல்லா வியாபாரத்தையும் முடித்துவைக்கும் பேர முறை எதுவுமே இருக்க முடியாது. ஏற்றி இறக்கிப் பேசுவது, எழுந்து போவதுபோலக் காட்டுவது, நாலு நாள் கழித்துத் திரும்ப வருவது எல்லாமே இந்தத் தேற்றத்துக்குள் அடக்கம். நாலு நாள் தாமதமும் ஓர் இழப்புதானே. இன்னொன்றும் காட்டினார்கள்: நாம் எடுத்துக்கொண்ட மாதிரியான சம வாய்ப்புச் சூழலில், மேலே சொன்ன சீட்டு முறையைவிட அதிக லாபத்தை வேறெந்த முறையும் காப்பாற்ற முடியாது. மையர்சனுக்கு 2007-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. இந்தத் துறைக்கு, அதாவது விதிகளை எப்படி வடிவமைப்பது என்ற ஆராய்ச்சிக்கு, அடித்தளம் போட்டதற்காக.

வெளியிலிருந்து பணம் போட்டால் என்ன ஆகும் என்பது சுவாரசியமான கேள்வி. வாங்குபவர் விற்பவரின் எல்லையை, அதாவது 52,000-ஐக் கொடுக்கட்டும். விற்பவர் வாங்குபவரின் எல்லையை, அதாவது 60,000-ஐப் பெறட்டும். இந்த விதியில் யாரும் பொய் சொல்ல அவசியமே இல்லை, ஏனென்றால் நான் சொல்லும் எண் நான் தரும் அல்லது பெறும் தொகையைத் தீர்மானிப்பதில்லை. ஆனால் 8,000 துண்டு விழுகிறது. அதை யார் தருவார்கள்? புது வண்டி விற்க நினைக்கும் கம்பெனி எக்ஸ்சேஞ்ச் போனஸ் தருகிறதே, அங்கே மூன்றாமவர் ஒருவர் வெளியிலிருந்து பணம் போட்டு உடன்பாட்டு வெளியை அகலமாக்குகிறார். தரகர் வந்தால் நிலைமை தலைகீழ். ஆளுக்கு 1,000 கமிஷன் என்றால் 8,000 அகலம் 6,000 ஆகச் சுருங்குகிறது.

நம்பிக்கைகளும் எல்லையை நகர்த்தும். காலையில் முதல் போணி தவறக்கூடாது என்று நினைக்கும் கடைக்காரர் அந்த ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் தன் கீழ் எல்லையை உண்மையாகவே இறக்கிக்கொள்கிறார். முதல் வியாபாரம் அன்றைய நாளைத் தீர்மானிக்கிறது என்பதில் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை, அதற்கு ஆதாரமும் இல்லை. முதல் ஆளுக்கு நஷ்டத்தில்கூடப் பொருளைக் கொடுத்துவிட்டு மற்றவர்களிடம் அதை ஈடுகட்டுவது நல்ல வழக்கமும் அல்ல. ஆனால் போணி வேளையில் பேரம் சுலபமாகப் படிவதற்குக் காரணம் இப்படி இறங்கும் எல்லைதான்.

அப்புறம், நம் வாசகர் என்ன செய்திருக்கலாம்? தன் எல்லையைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சந்தேக அகலத்தைக் குறைத்திருந்தால் போதும். இதே ஆண்டு, இதே மாடல், இவ்வளவு கிலோமீட்டர் ஓடிய வண்டிகள் என்ன விலைக்குப் போகின்றன என்ற விவரமும் சர்வீஸ் ரசீதுகளும் மேஜைமேல் இருந்தால், இருவரும் எதிராளியின் எல்லையை 40,000 முதல் 80,000 வரை என்று யோசிக்கமாட்டார்கள். 50,000 முதல் 62,000 வரை என்று வந்துவிடும். அகலம் 12,000, தேவைப்படும் இடைவெளி 3,000 மட்டும். அதே இரண்டு பேரை, அதே எல்லைகளோடு, இந்தக் குறுகிய கணக்கில் போட்டால் விற்பவர் சுமார் 54,333 எழுதுகிறார், வாங்குபவர் சுமார் 57,667 எழுதுகிறார். சீட்டுகள் தாண்டிச் சந்திக்கின்றன. வண்டி 56,000-க்குக் கைமாறுகிறது.