துணைக்காலும் ரகரமும்: ஸ்கேன் செய்த தமிழைத் திருத்துவது எப்படி?

வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். 1950களில் அச்சான ஒரு சிறு நூலை ஸ்கேன் செய்து, எழுத்துணரி மூலம் உரையாக்கி, அதை அப்படியே இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டிருக்கிறார். ஆங்கிலம் தெளிவாக வந்தது, ஆனால் மூலத்தில் இல்லாத விஷயங்களைச் சொன்னது. மொழிபெயர்ப்பு மென்பொருள்தான் மோசமா என்று கேட்டிருக்கிறார்.

மென்பொருளைக் குறை சொல்வதற்கு முன் அதற்குக் கொடுத்த உரையைப் பார்க்க வேண்டும். மூலத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

அவர்கள் ஊரில் கல்வி கௌரவமாகக் கருதப்பட்டது.

எழுத்துணரி இதை இப்படித் தரக்கூடும்:

அவா்கள் ஊாில் கலவி கெளரவமாகக் கருதப்பட்டது.

சட்டென்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். உண்மையில் நான்கு சொற்கள் பிழை. மொழிபெயர்ப்பு இயந்திரம் எந்தச் சொல்லையும் 'புரியவில்லை' என்று திருப்பி அனுப்பாது. தெரியாத சொல்லைத் துண்டு துண்டாக உடைத்து, ஏதோ ஒரு பொருளை ஊகித்து, வழவழப்பான வாக்கியமாக்கிக் கொடுத்துவிடும். அதன் பிறகு பிழை எங்கே புகுந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் திருத்தத்தைத் தமிழில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.

முதல் இரண்டு பிழைகள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் (ா) உள்ள வேறுபாடு, ரகரத்தின் அடியில் சாய்வாக இறங்கும் சிறு கோடு மட்டுமே. பழைய அச்சில் ர், ரி, ரீ ஆகிய மூன்றிலும் அந்தக் கோட்டை விட்டுவிடுவது வழக்கம். மேலே புள்ளியோ கொக்கியோ இருப்பதால் அது ரகரம்தான் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும். எழுத்துணரி வடிவத்தை நம்புகிறது. தாளில் இருப்பது துணைக்கால் போலவே இருப்பதால் துணைக்கால் என்றே எழுதிவிடுகிறது.

நல்லவேளையாக இந்தப் பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். தமிழில் துணைக்காலுக்குப் பின் புள்ளியோ இகரக் கொக்கியோ ஈகாரக் கொக்கியோ வரவே முடியாது. ஆகவே 'ா' என்பதை அடுத்து இந்த மூன்றில் ஒன்று வந்தால், அங்கே இருக்க வேண்டியது ரகரம். அகராதி பார்க்க வேண்டாம், யோசிக்கவும் வேண்டாம்.

சரி, தேடி மாற்றிவிடலாம் என்று இறங்கினால் ஒரு பொறி காத்திருக்கிறது. 'பெரிய' என்ற சொல் இதே காரணத்தால் 'பொிய' என்று வரும். 'தேர்தல்' என்பது 'தோ்தல்' ஆகும். இங்கே கொம்பும் துணைக்காலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. யூனிகோடில் இந்த இரண்டும் சேர்ந்து 'ொ' அல்லது 'ோ' என்ற ஒரே குறியாகவும் சேமிக்கப்படலாம். அப்படிச் சேர்ந்துவிட்டால் துணைக்கால் தனியாக இருக்காது, உங்கள் தேடலில் அது சிக்காது. உரையைச் சீராக்குகிறேன் என்று முதலிலேயே குறிகளைச் சேர்த்து எழுதும் NFC வடிவத்துக்கு மாற்றுபவர்கள் செய்வது இதைத்தான்: பிழையை ஒட்டிப் பூட்டிவிடுகிறார்கள். முதலில் NFD வடிவத்தில் குறிகளைப் பிரித்து, திருத்தி, அப்புறம்தான் NFC-யில் சேர்க்க வேண்டும்.

```python
import re, unicodedata as u
t = u.normalize("NFD", t)
t = re.sub("\u0bbe(?=[\u0bbf\u0bc0\u0bcd])", "\u0bb0", t)
t = u.normalize("NFC", t)
```

இதில் t உங்கள் உரை, 0bbe துணைக்கால், 0bb0 ரகரம். அடைப்புக்குள் இருப்பவை இரண்டு கொக்கிகளும் புள்ளியும். இந்த நான்கு வரிகள் 'அவா்கள்', 'ஊாில்', 'பொிய', 'தோ்தல்' எல்லாவற்றையும் ஒரே நொடியில் சரிசெய்யும். ஆனால் வெறும் ரகரம் துணைக்காலாகிவிட்டால் எல்லா இடத்திலும் இந்த வசதி கிடைக்காது. 'அாசன்' என்று வந்தால் உயிரெழுத்தை அடுத்துத் துணைக்கால் வராது என்பதால் பிடித்துவிடலாம். 'தரம்' என்பது 'தாம்' ஆகிவிட்டால்? அதுவும் நல்ல தமிழ்ச் சொல்தான்.

'கெளரவம்' இன்னொரு வகை. ஔகாரக் குறியின் வலப்பாதி ளகரம் போலவே இருப்பதால் வரும் குழப்பம் இது. NFC இதைத் தொடாது, ஏனென்றால் கணினிக்கு ளகரம் தனி எழுத்து. இங்கேயும் ஒரு அடையாளம் உண்டு. ளகரத்தின் மேல் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் அது உண்மையான ளகரம்: தெளிவு, வெள்ளம். ஒற்றைக்கொம்பு எழுத்தை அடுத்து ளகரம் மொட்டையாக நின்றால் பெரும்பாலும் ஔகாரம்: மௌனம், வௌவால், பௌர்ணமி. 'பெரும்பாலும்' என்பதால் தானாக மாற்றவிடாமல், பட்டியல் எடுத்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

வரி முடிவில் உடையும் சொற்களுக்கு நன்னூலே துணைக்கு வருகிறது. தமிழ் அச்சில் சொல்லைப் பாதியில் உடைத்தாலும் பல நேரம் இணைப்புக்கோடு போடமாட்டார்கள். அடுத்த வரி புதுச் சொல்லா, பழைய சொல்லின் வாலா? உயிர் பன்னிரண்டும், க ச த ப ங ஞ ந ம ய வ வரிசை எழுத்துகளும்தான் சொல்லின் முதலில் வரும் என்கிறது நன்னூல். ஆகவே ழ, ள, ற, ன, ண வரிசையில் ஒன்றோ புள்ளி வைத்த எழுத்தோ வரியைத் தொடங்கினால் பொதுவாக முந்தைய வரியோடு சேர்க்கலாம். 'கருதப்பட்' என்று ஒரு வரி முடிந்து 'டது' என்று அடுத்தது தொடங்கினாலும் அப்படியே, ஏனென்றால் தமிழ்ச் சொல் 'ட்' என்று முடிவதில்லை. ர, ல, ட வரிசையில் ரயில், லாரி, டாக்டர் போன்றவையும், புள்ளி எழுத்தில் ஸ்தலம், ப்ரியம் போன்றவையும் வந்து கெடுக்கும்.

கடைசியாகக் 'கலவி'. சிரிக்கலாம், ஆனால் எந்த விதியும் இதைப் பிடிக்காது, எந்த அகராதியும் ஆட்சேபிக்காது. மெய்ப்புள்ளி என்பது சில பிக்சல் அளவிலான ஒரு பொட்டு. தாளின் அழுக்கை நீக்கும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். சில இடங்களில் அழுக்கே புள்ளியாகவும் மாறும். இதற்கு இருக்கும் வழி, இப்படி மாறக்கூடிய இணைகளைப் பட்டியலிட்டு, அவை வரும் ஒவ்வோர் இடத்தையும் படத்தோடு ஒப்பிடுவதுதான். மனிதக் கண் இல்லாமல் முடியாது.

இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கணினிக்கு ஏற்ற மொழி தமிழ்தான் என்று மேடையில் முழங்குவதற்குச் செலவாகும் பணத்தில் கொஞ்சம் மெய்ப்புத் திருத்துநர்களுக்குப் போகலாம். மதுரைத் திட்டத்துக்காகவும் தமிழ் விக்கிமூலத்துக்காகவும் தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுத் திருத்தியிருக்கிறார்கள். படமும் திருத்திய உரையும் அருகருகே கிடைக்கும் விக்கிமூலப் பக்கங்கள்தான் அடுத்த எழுத்துணரிக்குப் பாடநூல். அந்த உழைப்புக்குச் சம்பளம் என்று ஒன்று இல்லாதது எனக்குச் சரியாகப் படவில்லை.

பழைய நூலாக இருந்தால் தமிழ் எண்களையும் கவனியுங்கள். ௧ என்பது க ஆகவும், ௨ என்பது உ ஆகவும், ௮ என்பது அ ஆகவும் வந்திருக்கும். அதிகாரத் தலைப்பிலோ பக்க உச்சியிலோ 'கஅ' என்று பொருளில்லாமல் நின்றால் அது 18. மொழிபெயர்ப்புக்கு அனுப்பும் முன் அதை எண்ணாக்கிவிடுங்கள், பக்க எண்ணாக இருந்தால் நீக்கியே விடுங்கள். இல்லையென்றால் அது பக்கம் மாறும் இடத்தில் ஏதோ ஒரு வாக்கியத்தின் நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும்.