மாறும் வட்டி பாண்டின் விலை ஏன் 100-க்கே திரும்பி வருகிறது?

வட்டி விகித ஸ்வாப்பில் ஒருவர் நிலையான வட்டி தருவார், மற்றவர் மாறும் வட்டி தருவார், அசல் கைமாறுவதே இல்லை. ஆனால் கடைசி நாளில் இருவரும் ஒருவருக்கொருவர் 100 கொடுத்துக்கொள்வதாக எழுதிப் பாருங்கள். இரண்டு 100-ம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், மதிப்பு மாறாது, ஆனால் ஸ்வாப் இப்போது இரண்டு பாண்டுகளாகப் பிரிந்துவிடும். நிலையான வட்டி பெறுபவருக்கு அதன் மதிப்பு, நிலையான பாண்டின் விலையிலிருந்து மாறும் பாண்டின் விலையைக் கழித்தால் வருவது.

ஓர் உதாரணம். அசல் 100, நிலையான வட்டி 6%, வருடத்துக்கு ஒரு தவணை, இன்னும் 0.5, 1.5, 2.5 ஆண்டுகளில் மூன்று தவணைகள் பாக்கி. அந்த நாட்களில் கிடைக்கும் 1 ரூபாயின் இன்றைய மதிப்பு 0.98, 0.94, 0.90 என்று வைப்போம். அப்போது நிலையான பாண்டின் விலை:

```
6×0.98 + 6×0.94 + 106×0.90 = 106.92
```

சரி, மாறும் பாண்டுக்கு வருவோம். இனிமேல் வட்டி எங்கே போகும் என்று தெரியாமல் எப்படி விலை சொல்வது? தெரியவே வேண்டாம் என்பதுதான் இந்த முறையின் அழகு. வட்டி புதிதாக நிர்ணயிக்கப்படும் நாளில் கையில் 100 இருந்தால், அதை அதே வட்டிக்கு ஒரு வருடம் போட்டு, வரும் வட்டியைத் தவணையாகக் கொடுத்துவிட்டு, மீதி 100-ஐ மறுபடியும் அப்போதைய வட்டிக்குப் போடலாம், கடைசியில் அசலையும் கொடுக்கலாம். ஆக, வட்டி எப்படி ஆடினாலும் நிர்ணய நாளில் அந்தப் பாண்டின் விலை 100.

இன்று நாம் இருப்பது நிர்ணய நாளில் அல்ல, இரண்டு நிர்ணய நாட்களுக்கு நடுவில். அடுத்த தவணை 5% என்று ஆறு மாதம் முன்பே முடிவாகிவிட்டது. அப்படியானால் அடுத்த தவணை நாளில் கைக்கு வருவது 5, அன்று பாண்டின் விலை 100, இரண்டும் சேர்த்து 105. அதன் இன்றைய மதிப்பு 105×0.98 = 102.90. ஸ்வாப்பின் மதிப்பு 106.92 − 102.90 = 4.02.

பலர் தடுமாறுவது இங்கேதான். மாறும் பாண்டு என்றாலே 100 என்று போட்டுவிட்டால் விடை 6.92 ஆகிவிடும். சரிபார்க்க இன்னொரு வழி இருக்கிறது. 0.98-ஐ 0.94-ஆல் வகுத்து 1-ஐக் கழித்தால் இரண்டாம் தவணைக்கான முன்னோக்கு வட்டி, அதாவது இன்றைய மதிப்புகளே காட்டும் வருங்கால வட்டி, சுமார் 4.26%, அப்படியே மூன்றாவதற்குச் சுமார் 4.44%. ஒவ்வொரு தவணையிலும் 6-க்கும் மாறும் வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டினால் அதே 4.02 வர வேண்டும்.

இவ்வளவுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: தவணையை நிர்ணயிக்கும் வட்டியும், வருங்காலத் தொகையை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் தள்ளுபடி வட்டியும் ஒன்றாக இருக்க வேண்டும். 2008 நெருக்கடியில், வங்கிகள் தங்களுக்குள் கடன் கொடுக்கும் வட்டியான லைபாரும், ஒரே இரவுக்கான கடனின் வட்டியான ஒருநாள் வட்டியும் வெகுவாக விலகின. அதன் பிறகு பிணை வைத்த லைபார் ஸ்வாப்புகளை ஒருநாள் வட்டியில் தள்ளுபடி செய்யத் தொடங்கியபோது, நிர்ணய நாளில்கூட மாறும் பாண்டு 100 ஆக நிற்கவில்லை, ஒவ்வொரு தவணையையும் தனித்தனியே கணக்கிட வேண்டியதாயிற்று. அமெரிக்க ஒருநாள் வட்டியான சோஃபரை வைத்து எழுதும் இன்றைய ஸ்வாப்பில் பெரும்பாலும் இரண்டும் ஒரே வட்டி என்பதால் பழைய குறுக்குவழி திரும்ப வேலை செய்கிறது. ஆனால் அதில் தவணை முன்கூட்டியே முடிவாவதில்லை, தினசரி வட்டி கூட்டுவட்டியாகச் சேர்ந்துகொண்டே வரும். இதுவரை 2.4 சேர்ந்திருந்தால் மாறும் பாண்டின் இன்றைய விலை 102.4, அதைத் தள்ளுபடிகூடச் செய்ய வேண்டியதில்லை.