பொதுச்சாவியா, வெளிப்படைச் சாவியா?

இணையத்தில் செய்தியைப் பிறர் படிக்காமல் அனுப்ப உதவும் ‘பப்ளிக் கீ’ என்பதைத் தமிழில் பொதுச்சாவி என்றும் பொதுத் திறவி என்றும் எழுதுகிறார்கள். ‘பொது’ என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. வீட்டில் பொதுச்சாவி என்றால் எல்லோரும் எடுத்துக் கதவைத் திறக்கலாம். இந்தச் சாவியாலோ பூட்டலாம், பூட்டியதைத் திறக்க முடியாது. அதற்கு வேறொரு சாவி வேண்டும், அது உரியவரிடமே இருக்கும்.

1976இல் டிஃபி, ஹெல்மன் என்ற ஆய்வாளர்கள் இந்தக் கருத்தை வெளியிட்டார்கள். அதுவரை வெளியுலகம் அறிந்த முறைகளில் பூட்டவும் திறக்கவும் ஒரே சாவிதான். அதை முன்கூட்டியே இரகசியமாகக் கொண்டுசேர்க்க வேண்டும். முன்பின் அறியாத தளத்துக்கு உலாவி அதை எப்படிக் கொண்டுசேர்க்கும்? அவர்கள் சொன்ன ‘பப்ளிக்’குக்கு ‘ஒளிக்காமல் அறிவித்தது’ என்றே பொருள்.

மறுஆண்டு உருவான ஆர்.எஸ்.ஏ. முறையைச் சிறிய எண்களில் செய்து பார்க்கலாம். ஒரு தளம் 3, 11 என்ற பகா எண்களைப் பெருக்கி 33 என்கிறது. 33ஐயும், எத்தனை முறை பெருக்க வேண்டும் என்பதற்கு 3ஐயும் ஊரறிய அறிவித்துவிட்டு, அந்தப் பகா எண்களைக் கொண்டு கணக்கிட்ட 7ஐத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. உலாவி அனுப்ப வேண்டிய இரகசியம் 4. அதை மூன்று முறை பெருக்கினால் 4 × 4 × 4 = 64. 33ஆல் வகுக்க மீதி 31. வழியில் போவது இந்த 31 மட்டும். தளம் 31ஐ ஏழு முறை பெருக்கி 33ஆல் வகுத்தால் மீதி 4 வந்துவிடும். ஒட்டுக்கேட்பவர் 7ஐக் கண்டுபிடிக்க 33ஐப் பகா எண்களாகப் பிரிக்க வேண்டும். 33 எளிது. ஆனால் நடைமுறையில் அது பெரும்பாலும் 617 இலக்க எண்.

அந்த இரகசியமும் கடவுச்சொல் அன்று, பிறகு வரும் உரையாடல் முழுவதையும் வேகமாகப் பூட்டித் திறப்பதற்கான ஒற்றைச் சாவிக்கு வித்து. உலாவிக்கும் தளத்துக்கும் இடையிலான உரையாடலைக் காக்கும் டி.எல்.எஸ். நெறிமுறையின் பழைய பதிப்புகளில் பல இணைப்புகள் இப்படித்தான் நடந்தன. அதில் ஓர் ஓட்டை: போக்குவரத்தை இன்று பதிவுசெய்து வைத்தவர், பத்தாண்டு கழித்துத் தளம் தன்னிடமே வைத்திருக்கும் மறைசாவியைத் திருடினால், பழைய உரையாடல்கள் எல்லாம் திறந்துகொள்ளும். அதனால் 2018இல் வந்த டி.எல்.எஸ். 1.3 இந்த வழியை நீக்கியது. இப்போது ஒவ்வொரு இணைப்புக்கும் இருபுறமும் புதிய தற்காலிகச் சாவிகளை உருவாக்கி, டிஃபி–ஹெல்மன் முறையில் இரண்டுக்கும் மட்டுமே தெரிந்த ஒரே இரகசியத்தை எட்டுகின்றன. தளத்தின் நிலையான மறைசாவி, பேசுவது தானே என்று கையொப்பமிட மட்டும்; அதைச் சரிபார்ப்பது அறிவித்த சாவி. அந்தச் சாவி இந்தத் தளத்துக்கே உரியது என்பதற்குச் சான்றிதழ் பொறுப்பு. சான்றளித்தவரை உலாவி நம்பாவிட்டால் குரோமில் `NET::ERR_CERT_AUTHORITY_INVALID` என்று வரும்.

இதனால்தான் அறிவித்த சாவிக்குப் ‘பூட்டு’ என்றே பெயர் மாற்றவும் எனக்கு மனமில்லை. கையொப்பத்தில் அது எதையும் பூட்டுவதில்லை, சரிபார்க்கிறது. வெளிப்படைச் சாவி என்றால் இரண்டு வேலைக்கும் பொருந்துகிறது; அதன் இணை மறைசாவி.