சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி: ஓர் இன்சுலின் தவறு

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் பொது வார்டில் நான் பயிற்சிச் செவிலியராகச் சேர்ந்த மூன்றாவது வாரம் அது. ஏற்காட்டில் காபித் தோட்ட வேலை செய்யும் ஒருவர், காலில் ஆறாத புண்ணோடு சேர்க்கப்பட்டிருந்தார். வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் கிளார்ஜின் இன்சுலின் குப்பியை அவருடைய மனைவி வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார். இரவு 9 மணிக்கு 16 யூனிட் போட வேண்டும் என்று மருத்துவர் எழுதியிருந்தார். தட்டிலிருந்த ஊசிக்குழலில் 16 என்ற கோடு வரை மருந்தை எடுத்து நான் போட்டுவிட்டேன்.

குப்பியைக் குளிர்பதனப் பெட்டியில் திரும்ப வைக்கும்போதுதான் அதன் மேலிருந்த எண்ணைப் படித்தேன். ஒரு மி.லி.க்கு 100 யூனிட். நான் பயன்படுத்திய குழலின் மூடியோ சிவப்பு, அதாவது ஒரு மி.லி.க்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கு உரியது. அந்தக் குழலில் 16 என்ற கோடு 0.4 மி.லி.யைக் குறிக்கும், 100 யூனிட் மருந்தில் அதே 0.4 மி.லி. என்பது 40 யூனிட். எழுதப்பட்டதைப் போல இரண்டரை மடங்கை நான் செலுத்தியிருந்தேன்.

பத்து நிமிடம் அந்தப் பெட்டியின் முன்னாலேயே நின்றேன். யாரும் பார்க்கவில்லை, நோயாளியும் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார் என்ற எண்ணமும் வந்தது. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிறகுதான் இன்சார்ஜ் சிஸ்டரிடம் போனேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வார்டில் கழித்தவர் அவர். நான் அழத் தொடங்கியதும், “அழுவதற்கு அப்புறம் நேரம் இருக்கும்மா. முதலில் அவர் கையைத் தொட்டுப் பார், வேர்த்திருக்கிறதா? சர்க்கரையைப் பார்த்துவிட்டு வா. அந்தக் குழலையும் குப்பியையும் தூக்கிப் போட்டுவிடாதே,” என்றார்.

சர்க்கரை அளவு 168. எனக்கு உயிர் வந்தது. சிஸ்டர் முகத்தில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. கிளார்ஜின் மெதுவாக, ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் வேலை செய்யும் மருந்து என்பதால், இப்போதைய நல்ல எண் நள்ளிரவைப் பற்றி எதையும் சொல்லாது என்று விளக்கினார். பணி மருத்துவரை அழைத்து, என்ன மருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு கூடுதல் என்று என்னையே சொல்லவைத்தார். மணிக்கொரு முறை சர்க்கரை பார்க்கச் சொன்னார் மருத்துவர். அடுத்து நோயாளியின் மனைவியிடம் என்னை அழைத்துச் சென்று, “அம்மா, இன்சுலின் அளவு கூடிப் போய்விட்டது. இரவு முழுக்க நாங்கள் பக்கத்திலேயே இருப்போம். அவருக்கு நடுக்கமோ வேர்வையோ வந்தால், பேச்சு குழறினால் உடனே கூப்பிடுங்கள்,” என்றார். அவர் கோபப்பட்டார், சிஸ்டர் அதை முழுவதும் கேட்டுக்கொண்டார், என்னை முன்னால் தள்ளிவிடவில்லை.

1 மணிக்கு 92. இரண்டரைக்கு அவர் மனைவி அழைத்தபோது சட்டை நனைந்திருந்தது, அளவு 61. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. அவர் விழிப்போடு இருந்தார், விழுங்கவும் முடிந்தது. எனவே 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, சரியாக 15 நிமிடம் கழித்துப் பார்த்தோம், 84. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். நரம்பு வழியாகத்தான் டெக்ஸ்ட்ரோஸ் என்னும் குளுக்கோஸ் கரைசலைத் தர வேண்டும். 84 வந்தவுடன் நின்றுவிடாமல், பாலும் பிஸ்கட்டும் கொடுத்து, மருத்துவர் சொன்னபடி டெக்ஸ்ட்ரோஸ் சொட்டு மருந்தையும் தொடங்கினோம். மறுநாள் இரவு வரை கண்காணிப்பு நீடித்தது.

காலையில் சிஸ்டர் என்னைச் சம்பவ அறிக்கை எழுத வைத்தார். “கவனக்குறைவால்” என்று நான் தொடங்கியதை அடித்துவிட்டு, அந்தத் தட்டில் எத்தனை வகைக் குழல்கள் இருந்தன என்று கேட்டார். ஒரே வகைதான். வார்டின் இருப்பு முழுவதும் 40 யூனிட் குப்பிகள் என்பதால் சிவப்பு மூடிக் குழல்கள் மட்டுமே வாங்கப்பட்டிருந்தன. வெளியிலிருந்து வந்த குப்பியை யாரும் சரிபார்த்துப் பதியவில்லை. அதைத்தான் எழுதச் சொன்னார். அந்தப் பத்து நிமிடத்தையும் எழுதச் சொன்னார், அதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வாரமே ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் குழல்கள் தனிப் பெட்டியில் வந்தன. இன்சுலினை இன்னொருவர் பார்க்காமல் போடுவதும் நின்றது.

இதே குழப்பம் வீடுகளிலும் நடக்கிறது. 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடிக் குழலில் எடுத்தால் எதிர்ப்பக்கத் தவறு: 20 கோடு வரை எடுத்தாலும் உடலுக்குள் போவது 8 யூனிட்தான், சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். மனக்கணக்கில் மாற்றிப் போட முயல வேண்டாம். குப்பியில் உள்ள எண்ணும் குழலில் உள்ள எண்ணும் ஒன்றாக இல்லையென்றால் கடைக்குத் திரும்பிச் சென்று சரியான குழலை வாங்க வேண்டும்.

நோயாளி வீடு திரும்பிய நாளில் சிஸ்டர் என்னைத்தான் அந்த அம்மாவிடம் அனுப்பினார். அன்றிரவு நடந்தது மலை மேல் அவர்கள் வீட்டில் நடந்திருந்தால், 20 கொண்டை ஊசி வளைவுகளை இருட்டில் இறங்கித்தான் சேலத்துக்கு வந்திருக்க வேண்டும் என்பது என் மனத்திலேயே இருந்தது. குப்பியையும் குழலையும் அருகருகே பிடித்துக் காட்டினேன். அவர் இரண்டையும் வாங்கி, விரல் வைத்து, “இதில் நூறு, இதிலும் நூறு,” என்று படித்தார். இன்னொரு முறை படிக்கச் சொன்னேன்.